எண்ணெயில்லாச் சாப்பாடும் பித்தப்பைச் சேறும்

கேள்வி: "எனக்கு 34 வயது, ஊர் சேலம் அம்மாப்பேட்டை. தம்பி கல்யாணத்துக்காக ஆறு வாரத்தில் 92 கிலோவிலிருந்து 79 கிலோவுக்கு இறங்கினேன். முதல் வாரமே மூன்றரைக் கிலோ போனது. காலை பத்து மணிக்குத் தண்ணீரில் கலக்கிய பவுடர், மதியம் வெள்ளரி, கேரட், நாலு முட்டை வெள்ளைக்கரு, சாயங்காலம் ஐந்தரைக்கு சூப், அதோடு சரி. எண்ணெய், தேங்காய் எதையும் தொடவில்லை. போன வாரம் அத்தை வீட்டு விருந்தில் பிரியாணி சாப்பிட்டேன். அன்று ராத்திரி மேல்வயிறு இரண்டு மணி நேரம் பிடித்து இழுத்தது. ஸ்கேனில் பித்தப்பையில் ஸ்லட்ஜ், கொழுப்புக் கல்லாக மாறலாம் என்கிறார்கள். கொழுப்பே சாப்பிடாத எனக்கு இது எப்படி வந்தது? எடை குறைப்பதை விட்டுவிடவா? வாழைத்தண்டு ஜூஸில் கரையுமா?"

பதில்:

கொழுப்பை அறவே விட்டது பாதிக் காரணம். இறங்கிய வேகம் மீதிப் பாதி. பிரியாணி வலியைக் கிளப்பியிருக்கலாம், ஆனால் சேற்றை உண்டாக்கியது அது இல்லை. அந்தச் சேறு அதற்கு முந்தைய ஆறு வாரத்தில் சேர்ந்தது. சேலத்தில் உணவு ஆலோசகராக இருக்கிற எனக்கு, கல்யாண சீசனுக்கு முன்னும் பின்னும் இதே கதையோடு வருகிறவர்கள் புதிதல்ல.

முதலில் பித்தப்பை என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். அது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். கல்லீரல் நாள் முழுக்கப் பித்தநீரைச் சுரந்துகொண்டே இருக்கிறது. ஒரு நாளைக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை. நாம் சாப்பிடாத நேரத்தில் அதில் ஒரு பங்கு பித்தப்பைக்குள் போய்த் தங்கும். பை சிறியது, 30 முதல் 50 மில்லிதான் பிடிக்கும். அதனால் உள்ளே வந்த பித்தநீரிலிருந்து தண்ணீரை உறிஞ்சிவிட்டுக் கெட்டியாக்கி வைத்துக்கொள்கிறது. சாப்பாட்டில் உள்ள கொழுப்பும் புரதமும் முன்சிறுகுடலைத் தொட்டதும், குடலிலிருந்து ஒரு ஹார்மோன் ரத்தத்தில் கலந்து பித்தப்பைக்குத் தகவல் சொல்கிறது. பை சுருங்கி, தேக்கி வைத்ததைக் குடலுக்குள் தள்ளுகிறது. இந்த ஹார்மோனைத் தூண்டுவதில் கொழுப்புக்குத்தான் முதலிடம். வெள்ளரிக்காய்க்கும் தெளிந்த சூப்புக்கும் அந்தப் பை பெரிதாக அசையாது.

பித்தநீரில் கொலஸ்ட்ரால் எப்போதுமே இருக்கும். உடல் கொலஸ்ட்ராலை வெளியேற்றுவதற்கு வைத்திருக்கும் முக்கியமான வழியே அதுதான். ஆனால் கொலஸ்ட்ரால் தண்ணீரில் கரையாத பொருள். அதைக் கரைத்து வைத்திருப்பவை பித்த உப்புகளும் லெசித்தின் என்ற பொருளும். எண்ணெய் தேய்த்த தலைக்குச் சீயக்காய் செய்கிற வேலையைப் பித்த உப்பு அங்கே செய்கிறது. எண்ணெய் அதிகமாகிச் சீயக்காய் குறைந்தால் பிசுக்கு போகாது இல்லையா? அப்படித்தான் கொலஸ்ட்ரால் அளவு மீறும்போது, கரையாத மிச்சம் நுண்ணிய படிகங்களாகப் பிரிந்துவிடுகிறது. படிகங்கள் பித்தப்பைச் சுவர் சுரக்கும் கோழையோடு கலந்து கெட்டியாக அடியில் தங்கினால் அதுதான் உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள ஸ்லட்ஜ். தமிழில் சேறு என்றே சொல்லலாம். அது வெளியேறாமல் கிடந்தால் படிகத்தின் மேல் படிகம் ஒட்டிக் கல்லாகிறது.

இப்போது உங்கள் ஆறு வாரத்தை இதன் மேல் வைத்துப் பாருங்கள்.

நீங்கள் கொழுப்பைச் சாப்பிடவில்லை, சரி. ஆனால் அந்த ஆறு வாரமும் உங்கள் உடல் சாப்பிட்டது பெரும்பாலும் கொழுப்பைத்தான், உங்கள் சொந்தக் கொழுப்பை. இடுப்பிலும் வயிற்றிலும் சேர்ந்திருந்த கொழுப்புத் திசுவுக்குள் கொலஸ்ட்ராலும் சேமிக்கப்பட்டிருக்கும். திசு வேகமாகக் கரையும்போது அந்தக் கொலஸ்ட்ராலும் சேர்ந்து கல்லீரலுக்கு வருகிறது. கல்லீரல் அதைப் பித்தநீருக்குள் தள்ளுகிறது. இலையில் விழவில்லை என்பதால் பித்தப்பைக்கு வரவில்லை என்று ஆகாது. ஒரு வாரத்தில் அரைக் கிலோ கரைந்தால் வருகிற கொலஸ்ட்ராலைப் பித்த உப்பு ஓரளவு சமாளித்துவிடும். இரண்டு கிலோ கரைந்தால் சமாளிக்க முடியாமல் போகிறது. அதே சமயத்தில், பட்டினி போன்ற சாப்பாட்டில் பித்த உப்புச் சுரப்பும் இறங்கிவிடுகிறது. ஒரு பக்கம் கரைய வேண்டியது கூடுகிறது, மறுபக்கம் கரைப்பான் குறைகிறது.

இது மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. பை ஒழுங்காகச் சுருங்கிக் காலியாகியிருந்தால், பிரிந்த படிகங்கள் கல்லாவதற்குள் குடலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். உங்கள் விஷயத்தில் அதுவும் நடக்கவில்லை. நீங்கள் சாப்பிட்டதில் ஒரு நாளைக்கு மொத்தம் எவ்வளவு கொழுப்பு இருந்தது என்று கூட்டிப் பார்த்தேன். பவுடரில் ஒன்றிரண்டு கிராம். வெள்ளைக்கருவில் கிட்டத்தட்ட இல்லை. காய்கறியிலும் சூப்பிலும் ஒரு கிராமுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. ஆக மூன்று கிராம் தேறினால் பெரிது. சாயங்காலம் ஐந்தரைக்குக் குடித்த சூப்புக்குப் பிறகு மறுநாள் காலை பத்து மணிவரை ஒன்றுமில்லை, பதினாறரை மணி நேரம். அத்தனை நேரமும் பை நிரம்பி, கெட்டியாகி, அசையாமல் கிடந்திருக்கிறது. பத்து மணிக்கு உள்ளே போன பவுடருக்கும் அது முழுதாகத் திறந்திருக்க வாய்ப்பில்லை.

இந்த மூன்று கிராம் என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்கு 1998-இல் இத்தாலியில் வெளியான ஒரு ஆய்வுதான் நினைவுக்கு வந்தது. உடல் பருத்தவர்களை இரண்டு அணியாகப் பிரித்து, இரண்டு அணிக்கும் மிகக் குறைந்த கலோரி உணவு கொடுத்தார்கள். ஓர் அணிக்கு நாளொன்றுக்கு 3 கிராம் கொழுப்பு, இன்னொன்றுக்கு 12 கிராம். ஆய்வை முடித்தவர்கள் அணிக்கு 11 பேர். 3 கிராம் அணியில் 6 பேருக்குப் பித்தப்பைக் கல் வந்தது. 12 கிராம் அணியில் ஒருவருக்கும் வரவில்லை. ஆட்கள் குறைவுதான், இதை மட்டும் வைத்துச் சட்டம் போட முடியாது. ஆனால் பிறகு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் இதே பக்கம்தான் சாய்ந்தது: எடை குறைக்கும் காலத்தில் சாப்பாட்டில் கொழுப்பு கொஞ்சம் கூடுதலாக இருந்தவர்களுக்குக் கல் குறைவு. அந்த 12 கிராம் எவ்வளவு என்று யோசியுங்கள். இரண்டரை டீஸ்பூன் நல்லெண்ணெய். அவ்வளவுதான்.

வேகத்துக்கு வருவோம். ஆறு வாரத்தில் 13 கிலோ என்றால் வாரத்துக்கு இரண்டு கிலோவுக்கு மேல். ஆனால் முதல் வாரத்து மூன்றரைக் கிலோவை அப்படியே கணக்கில் எடுக்கக் கூடாது. சோறும் உப்பும் குறைந்ததும் தசையிலும் ஈரலிலும் சேமித்து வைத்த மாவுச்சத்தும் அதோடு ஒட்டியிருந்த தண்ணீரும் முதலில் இறங்கும். அதில் பெரும்பகுதி நீர். அதனால் இரண்டாவது வாரத்திலிருந்து கணக்குப் போட வேண்டும்: 88.5-லிருந்து 79 வரை ஐந்து வாரத்தில் ஒன்பதரைக் கிலோ, அதாவது வாரத்துக்கு 1.9 கிலோ.

எடை குறைப்பு ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தவர்கள் 1995-இல் சொன்ன எல்லை வாரத்துக்கு 1.5 கிலோ. அதுவரை கல் வரும் வாய்ப்பு மெல்லத்தான் கூடுகிறது. அதைத் தாண்டினால் கோடு செங்குத்தாக ஏறுகிறது. ஒன்றரையிலிருந்து இரண்டுக்குப் போவது அரைக் கிலோ வித்தியாசமாகத் தெரியும், ஆனால் பித்தப்பைக்கு அது அரைக் கிலோ வித்தியாசம் இல்லை. அமெரிக்காவில் 520 கலோரி உணவில் எட்டு வாரம் இருந்தவர்களை ஸ்கேன் செய்தபோது நான்கில் ஒருவருக்குப் புதிதாகக் கல் வந்திருந்தது. உங்கள் சாப்பாடும் 500 கலோரியை ஒட்டித்தான் வருகிறது.

வேகம் மட்டும்தான் குற்றவாளியா, பட்டினிதான் காரணமா என்று கேட்டால் இரண்டையும் பிரிப்பது கடினம். பட்டினி இல்லாமல் அந்த வேகம் வராது. ஸ்வீடனில் ஒரே எடை குறைப்புத் திட்டத்தில் 500 கலோரி பவுடர் உணவில் இருந்தவர்களையும், 1200 முதல் 1500 கலோரி சாப்பிட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். பித்தப்பைக் கல்லால் ஆஸ்பத்திரியில் சேரும் அளவுக்குப் போனவர்கள் முதல் கூட்டத்தில் மூன்று மடங்குக்கு மேல். அதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இரண்டு பக்கமும் குறைவுதான், நூற்றுக்கு ஒருவர் இருவர் கணக்கு. வேகமாகக் குறைத்த எல்லாருக்கும் இது வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. உங்களுக்கு வந்துவிட்டது, அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

மெதுவாகக் குறைத்தால் பித்தப்பைக்கு என்ன லாபம் என்பதும் இதிலேயே இருக்கிறது. கொழுப்புத் திசு கரையும் வேகம் பாதியானால் வந்துசேரும் கொலஸ்ட்ராலும் பாதியாகிறது. 1200, 1300 கலோரிக்கு இடம் இருக்கும்போது தாளிக்க எண்ணெய், சட்னிக்குத் தேங்காய், ராத்திரி ஒரு முழு முட்டை என்று பையைச் சுருங்க வைக்கும் கொழுப்புக்கும் இடம் கிடைக்கிறது. சாப்பாட்டு வேளைகளும் மூன்றாக நிற்கின்றன, அதனால் பை நாளைக்கு மூன்று தடவை காலியாகிறது. 500 கலோரிக்குள் இவற்றை அடக்குவது பெரும்பாடு.

இனி உங்கள் வலி. இதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். விருந்துக்கு முந்தைய ஆறு வாரம் சரியாகச் சுருங்காத பை, நெய்யும் கறியும் போட்ட பிரியாணி குடலுக்குள் இறங்கியதும் ஒரேயடியாகச் சுருங்கியிருக்கும். பையின் வாயில் சேறோ, கண்ணுக்குத் தெரியாத சின்னக் கல்லோ வந்து அடைத்தால் அழுத்தம் ஏறும். அதுதான் அந்தப் பிடித்து இழுத்த வலி. பித்தப்பை வலிக்கு ஒரு சாயல் உண்டு. நடு மேல்வயிற்றிலோ வலது விலாவுக்குக் கீழோ ஆரம்பிக்கும். விட்டு விட்டுக் குத்தாமல், ஏறிய இடத்திலேயே நிற்கும். வலது தோள்பட்டை எலும்புப் பக்கம் பாயலாம். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் சில மணி நேரம் இருந்து, பிறகு தானாக இறங்கிவிடும். பெரும்பாலும் நல்ல சாப்பாட்டுக்கு ஒன்றிரண்டு மணி கழித்தோ நடு ராத்திரியிலோ வரும். ஏப்பம் விட்டாலும், ஜெலூசில் குடித்தாலும், சோடா குடித்தாலும் மாறாது. நம் ஊரில் இதற்கு முதலில் வைக்கும் பெயர் கேஸ். பெருங்காயமும் ஓமமும் போட்டுக் குடித்து, வலி தானாக இறங்கியதும் மருந்து கேட்டதாக நினைத்துக்கொண்டு, அடுத்த தடவை வரும்வரை காத்திருப்பார்கள். நீங்கள் ஸ்கேன் எடுத்தது நல்லதாகப் போயிற்று.

உங்கள் ஸ்கேன் ரிப்போர்ட்டில் இன்னும் மூன்று வரியைத் தேடிப் பாருங்கள். ஒன்று, பித்தப்பைச் சுவரின் தடிமன். வெறும் வயிற்றில் 3 மில்லிமீட்டருக்குள் இருந்தால் சுவர் வீங்கவில்லை என்று பொருள். இரண்டு, பொதுப் பித்தக் குழாயின் அகலம். உங்கள் வயதில் 6 மில்லிமீட்டருக்குள் இருப்பது வழக்கம். அதைத் தாண்டினால் கல் குழாய்க்குள் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டிவரும். மூன்று, நிழல் விழுந்ததா இல்லையா என்பது. கல் என்றால் அல்ட்ராசவுண்ட் அலையை மறித்து, பின்னால் கருநிழல் விழும். திரும்பிப் படுத்தால் உருளும். சேறு நிழல் போடாது, அடியில் படுகையாக மெல்ல நகரும். ஒரு எச்சரிக்கை: ஆறு மணி நேரமாவது வெறும் வயிற்றோடு போனால்தான் பை விரிந்து தெளிவாகத் தெரியும். டீ குடித்துவிட்டுப் போய்ச் சுருங்கின பையை ஸ்கேன் செய்தால், சின்னக் கல் கண்ணில் படாமல் போகலாம்.

வலியோடு காய்ச்சல் வந்தாலோ, வலி ஐந்தாறு மணி நேரம் தாண்டியும் இறங்காவிட்டாலோ, கண் வெள்ளை மஞ்சளானாலோ, சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போனாலோ, மலம் வெளுத்தாலோ, வலி முதுகுக்கு ஊடுருவி வாந்தி நிற்காமல் வந்தாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். அந்த ராத்திரியே பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கோ பக்கத்தில் சர்ஜன் இருக்கும் இடத்துக்கோ போய்விடுங்கள். கடைசியாகச் சொன்னது கணைய வீக்கமாக இருக்கலாம். பெரிய கல் பித்தப்பைக்குள்ளேயே தங்கிவிடும். சேறும் பொடிக் கல்லும்தான் குழாய்க்குள் நழுவிக் கணையத்தின் வாயை அடைக்கும். அதனால் சேறுதானே, கல் இல்லையே என்று அசட்டையாக இருந்துவிடக் கூடாது. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் குடித்துப் பத்து நாள் பார்க்கலாம் என்று வீட்டில் யாராவது சொன்னால், இது அடைப்பால் வரும் காமாலை என்று சொல்லிவிடுங்கள். அடைப்பை எடுத்தால்தான் இறங்கும்.

இப்போதைக்கு உங்களுக்கு அந்த அறிகுறிகள் ஒன்றும் இல்லை என்றே வைத்துக்கொள்கிறேன். அப்படியானாலும் ஒரு தடவை வலி வந்துவிட்டது. அதனால் சர்ஜனையோ குடல் இரைப்பை மருத்துவரையோ பார்த்து, கல்லீரல் பரிசோதனையும் கணைய நொதிகளில் லைபேஸ் பரிசோதனையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகுதான் நான் கீழே சொல்லும் சாப்பாடு. சேற்றோடு இருக்கும் பைக்கு திடீரென்று பத்துப் பன்னிரண்டு கிராம் கொழுப்பை ஒரே வேளையில் கொடுத்தால் மறுபடியும் வலி வரலாம். முதல் வாரம் வேளைக்கு நான்கைந்து கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் எண்ணெய் அளவு. வலி இல்லையென்றால், மருத்துவர் சம்மதத்தோடு அடுத்த வாரம் ஏழெட்டு, பிறகு பத்து. வறுவல், பரோட்டா, பிரியாணி, தட்டுவடை செட் எல்லாம் அடுத்த ஸ்கேன்வரை ஒதுங்கியிருக்கட்டும்.

எடை குறைப்பதை விட வேண்டாம், வேகத்தைத்தான் விட வேண்டும். உங்கள் 79 கிலோவுக்கு, வீட்டு வேலையும் நடையும் சேர்த்து, ஒரு நாள் செலவு 2000 கலோரிக்குக் கிட்டத்தட்ட வரும். உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம் என்று வைத்துப் போட்ட கணக்கு இது. கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. 1300 சாப்பிட்டால் நாளைக்கு 700 குறை விழும். ஒரு கிலோ கொழுப்புத் திசுவுக்கு ஏறக்குறைய 7700 கலோரி. ஆக வாரத்துக்கு அறுநூறு கிராமுக்குக் கொஞ்சம் மேல். மூன்று மாதத்தில் எட்டுக் கிலோ. கல்யாணப் போட்டோவுக்கு இது மெதுவாகத் தோன்றும், ஒப்புக்கொள்கிறேன்.

காலை ஏழரைக்கு இரண்டு இட்லி, சாம்பார், தேங்காய்ச் சட்னி. சட்னியில் உங்கள் பங்கு துருவல் 20 கிராம் இருந்தால் அதில் ஆறேழு கிராம் கொழுப்பு, தாளிப்பில் ஒன்றிரண்டு. மதியம் ஒரு கப் சோறு, பச்சைப்பயறுக் குழம்பு, கீரை, பொரியல், மோர். பொரியலுக்கும் குழம்புக்கும் சேர்த்து உங்கள் பங்குக்கு ஒன்றரை டீஸ்பூன் எண்ணெய் வந்தால் ஏழு கிராம். சாயங்காலம் ஒரு சிறு கை வேகவைத்த நிலக்கடலையோ கொள்ளுச் சுண்டலோ. ராத்திரி எட்டுக்குள் ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்ட இரண்டு தோசையோடு மஞ்சள் கருவும் சேர்த்து ஒரு முட்டை. அதில் பத்துக் கிராம் வந்துவிடும். நாள் முழுக்கக் கூட்டினால் முப்பது கிராம் சுமாருக்கு நிற்கும். இது நீங்கள் போய்ச் சேர வேண்டிய அளவு. மேலே சொன்னபடி அங்கே படிப்படியாகத்தான் ஏற வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்காத இடம் காலைச் சாப்பாடு. ராத்திரி முழுக்கத் தேங்கினதுதான் இருப்பதிலேயே கெட்டியான பித்தநீர். அது காலையில் வெளியேற வேண்டும். ராத்திரி எட்டுக்கும் காலை ஏழரைக்கும் நடுவே பதினொன்றரை மணி நேரம், அது போதும். பதினாறு மணி நேர விரதம் உங்களுக்கு இப்போது வேண்டாம்.

ஏற்காட்டுக் காப்பி பற்றியும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் யாராவது உங்களிடம் சொல்வார்கள். காப்பி பித்தப்பையைச் சுருங்க வைக்கும் என்பது உண்மை. தினம் இரண்டு மூன்று கப் குடிப்பவர்களுக்குக் கல் குறைவு என்று பெரிய கணக்கெடுப்புகளும் உண்டு. அதற்காக அது மருந்தாகிவிடாது. பிடித்தால் காலைச் சாப்பாட்டோடு குடியுங்கள். சாப்பாட்டுக்குப் பதிலாகக் கறுப்புக் காப்பி என்ற பழக்கம் மட்டும் வேண்டாம். நடையும் அப்படித்தான்: மூக்கனேரிக் கரையில் அரை மணி நேரம் நடந்தாலும் நல்லதே. கலோரியை ஏற்றாமல் ஏற்காட்டு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவையும் சைக்கிளில் ஏறினால் பற்றாக்குறைதான் கூடும், பித்தப்பைக்கு அது பட்டினியாகவே தெரியும்.

பேலியோ ஆரம்பித்த பிறகு பித்தப்பை வலி வந்தது, அதனால் கொழுப்புதான் கெடுதல் என்று சொல்பவர்களையும் நீங்கள் சந்திப்பீர்கள். பெரும்பாலும் அவர்களுக்குக் கல் முன்பே சத்தமில்லாமல் இருந்திருக்கும். நெய்யும் இறைச்சியும் பையை நன்றாகச் சுருங்க வைத்ததும் கல் வாயில் போய் முட்டியிருக்கும். வலி வந்த நாளும் கல் வந்த நாளும் ஒன்றல்ல. உங்கள் பிரியாணிக் கதையும் இதே வகைதான்.

வாழைத்தண்டுக்கு வருவோம். சிறுநீரகக் கல்லுக்கு அதைக் குடிப்பது நம் பக்கத்துப் பழக்கம். அந்தக் கல் பெரும்பாலும் கால்சியம் உப்பு, இருக்கும் இடம் சிறுநீர்ப் பாதை. பித்தப்பைக்கும் அதற்கும் வழியே வேறு. வாழைத்தண்டுப் பொரியலைச் சாப்பிடுங்கள், நல்ல காய். சேற்றுக்கு மருந்து என்று எண்ணிச் சாப்பிட வேண்டாம். அதைவிட எனக்குப் பயம் தருவது, ஆலிவ் எண்ணெயையும் எலுமிச்சைச் சாற்றையும் கப் கணக்கில் குடித்தால் பச்சைப் பச்சையாகக் கல் வெளியே வரும் என்று பரவும் வீடியோக்கள். அப்படி வந்த உருண்டைகளை 2005-இல் லான்செட் இதழில் ஆய்ந்து எழுதியிருக்கிறார்கள்: அவை குடித்த எண்ணெயே குடலுக்குள் சோப்பாகித் திரண்டவை. உங்கள் நிலையில் அவ்வளவு எண்ணெயை ஒரே மூச்சில் குடிப்பது பிரியாணியைவிட மோசம்.

மருந்து இல்லாமல் இல்லை. அர்சோடியாக்சிகோலிக் ஆசிட் என்ற பித்த அமில மாத்திரை பித்தநீரில் கொலஸ்ட்ரால் செறிவைக் குறைக்கும். உடல் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு ஆறு மாதம் தினம் 600 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த ஒரு ஆய்வில், மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 32 சதவீதத்துக்குக் கல் வந்தது, மருந்து எடுத்தவர்களில் 2 சதவீதம்தான். வேகமாகக் குறைத்தே தீர வேண்டிய மருத்துவக் காரணம் இருப்பவர்களுக்கு, மருத்துவர் மேற்பார்வையில், அது நல்ல காவல். எடை குறைக்கப் போடும் செமாக்ளூடைட் ஊசிக்கும் பித்தப்பைத் தொந்தரவு ஒரு பக்கவிளைவுதான், அதனால் நாளைக்கு யாராவது உங்களுக்கு அந்த ஊசியைச் சொன்னால் இந்தச் சேற்றுக் கதையை மறைக்காமல் சொல்லுங்கள். கருத்தடை மாத்திரை எடுத்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், ஈஸ்ட்ரோஜன் பித்தநீரில் கொலஸ்ட்ராலைக் கூட்டும். அர்சோ மாத்திரையை மருந்துக் கடையில் நீங்களே கேட்டு வாங்க வேண்டாம். அது கொலஸ்ட்ரால் கல்லுக்கும் படிகத்துக்கும்தான் வேலை செய்யும். தென்னிந்தியாவில் நிறமிக் கல்லும் கலப்புக் கல்லும் கணிசம். அவை இதற்குக் கரையாது.

அடுத்த ஸ்கேன் மூன்று மாதம் கழித்து, இடையில் வலி வந்தால் உடனே. காரணம் நீங்கிவிட்டால், அதாவது வேகம் குறைந்து பை தினமும் காலியாகத் தொடங்கினால், சேறு பல பேருக்குத் தானாகவே மறைந்துவிடுகிறது. மறைந்து, வலியும் திரும்பவில்லை என்றால் பித்தப்பை உங்களிடமே இருக்கட்டும். சேறு கல்லாகி, ஆனால் வலியே இல்லையென்றால் சர்ஜன்கள் பொதுவாகக் காத்திருக்கத்தான் சொல்வார்கள். வலி மறுபடி மறுபடி வந்தாலோ, ஒரு தடவை கணையம் வீங்கினாலோ, லேப்ராஸ்கோப்பியில் பையை எடுத்துவிடுவதுதான் முறை. கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையை விட்டுவைக்க முடியாதா என்று எல்லாரும் கேட்பார்கள். விட்டுவைத்தால் அதே பையில் மறுபடி கல் வரும் என்பதால்தான் பையோடு எடுக்கிறார்கள். எடுத்த பிறகு பித்தநீர் கல்லீரலிலிருந்து நேராகக் குடலுக்குச் சொட்டிக்கொண்டிருக்கும், கொஞ்ச நாள் வயிறு இளகினாலும் பெரும்பாலானவர்கள் வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

கல்யாணம் முடிந்ததும் பழையபடி ஏறி, அடுத்த விசேஷத்துக்கு மறுபடி ஆறு வாரத்தில் இறங்கும் யோசனை இருந்தால் அதை இப்போதே விட்டுவிடுங்கள். எடை பல தடவை ஏறி இறங்கிய பெண்களுக்குப் பித்தப்பை அறுவை சிகிச்சை கூடுதலாக நேர்ந்ததாக அமெரிக்கச் செவிலியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு காட்டியிருக்கிறது. இப்போது இருக்கும் 79-இலேயே இரண்டு வாரம் நில்லுங்கள். பவுடரை நிறுத்திவிட்டு, காலை இட்லியோடு தொடங்குங்கள். தராசில் ஒரு கிலோ ஒன்றரைக் கிலோ ஏறும். முதல் வாரத்தில் போன அதே தண்ணீர்தான் திரும்பி வருகிறது, அதைப் பார்த்துப் பயந்து சூப்புக்குத் திரும்ப வேண்டாம்.